12 வரைக்கும் சரி, 13ல தப்பு: ஒரு கோடிங் ரவுண்டோட நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட கேஸ். பேரு, கம்பெனி எதுவும் சொல்லப்போறதில்ல, அவரோட அனுமதியோடதான் எழுதுறேன். ரெண்டு வருஷம் வேலை பாத்தவரு, சி++ நல்லா வரும், அர்ரே ஸ்ட்ரிங் ட்ரீ கிராஃப்னு எல்லாம் போட்டுப் பழகினவரு. கணக்கு சம்பந்தப்பட்ட கேள்வி மட்டும் மேலோட்டமா பாத்து வச்சிருந்தாரு. சீவ் கோட் மனப்பாடம், ஜிசிடிக்கு `__gcd` இருக்கு, மாடுலோன்னா ஒவ்வொரு பெருக்கலுக்கும் `% M` போடணும், இவ்வளவுதான் அவரு கையில இருந்தது.

வேலைக்காக அவரு எழுதின ஆன்லைன் ரவுண்ட்ல மூணு கேள்வி, 75 நிமிஷம். மூணுமே இந்த ஏரியாவுலேர்ந்து வந்துச்சு. மூணுக்கும் கோட் எழுதினாரு, மூணுலயும் ஸ்கிரீன்ல காட்டின சாம்பிள் பாஸ் ஆச்சு. ஒவ்வொரு கேள்விக்கும் மறைச்சு வச்ச டெஸ்ட் கேஸ் பத்து, அதுல முதல் கேள்விக்கு 4, ரெண்டாவதுக்கு 6, மூணாவதுக்கு 2 மட்டும்தான் பாஸ். அன்னைக்கு நைட்டே எனக்கு போன் பண்ணி, "அண்ணே சாம்பிள் எல்லாம் சரியா வந்துச்சே, அப்புறம் எப்படி"ன்னு கேட்டாரு. அந்தக் கேள்விக்குப் பதில் தேடினதுதான் இந்த ஆய்வு.

மூணு கேள்வி என்னென்ன

முதல் கேள்வி: நிறைய ஜோடி L, R வரும், ஒவ்வொண்ணுக்கும் அந்த இடைவெளிக்குள்ள எத்தனை பகா எண் இருக்குன்னு சொல்லணும், R அதிகபட்சம் 10^6. ரெண்டாவது: n எண் உள்ள ஒரு அர்ரே, அதுல சரியா ஒண்ணை மட்டும் தூக்கிட்டு மிச்சத்தோட ஜிசிடி எவ்வளவு பெருசா வரும்னு கண்டுபிடிக்கணும், n அதிகபட்சம் 10^5. மூணாவது: n பேர்ல r பேரைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழி, அதாவது C(n, r), விடையை 1000000007ஆல வகுத்து வர்ற மீதியாச் சொல்லணும், n அதிகபட்சம் 10^6.

மறுநாள் அவரு கேள்விகளை ஞாபகத்துலேர்ந்து எழுதிட்டு வந்தாரு. எழுதின கோடையும் ஏறக்குறைய அப்படியே திருப்பி எழுத முடிஞ்சது. ரெண்டு பேரும் உக்காந்து ஒவ்வொண்ணா பாத்தோம்.

சீவ்ல பாத்தது

அவரோட ஐடியா சரிதான். உள்ள வர்ற எல்லா Rலயும் பெருசு எதுவோ அதை n ஆக்கி, அதுவரைக்கும் ஒரே தடவை சீவ் போட்டு, 1லேர்ந்து ஒவ்வொரு எண் வரைக்கும் எத்தனை பகா எண்ணுன்னு கூட்டி வச்சுட்டு, கேள்வி வந்ததும் `cnt[R] - cnt[L-1]` சொல்லிடுறது. இதைவிட நல்ல வழி தேவையே இல்ல. சீவ்னா, ஒவ்வொரு பகா எண்ணோட மடங்கையும் `comp`ல அடிச்சுக்கிட்டே வந்து, கடைசியில அடிபடாம மிஞ்சினதைப் பகா எண்ணா எடுத்துக்கிறது. தப்பு இருந்தது இங்க:

```cpp
for (int i = 2; i <= n; i++) {
    if (comp[i]) continue;
    for (int j = i * i; j <= n; j += i)
        comp[j] = true;
}
```

பாத்தவுடனே கண்ணுல படாது, எனக்கும் முதல்ல படல. உள்லூப் ஏன் `i * i`லேர்ந்து ஆரம்பிக்குதுன்னு அவரைக் கேட்டேன், "அப்படித்தான் எழுதுவாங்க"ன்னு சொன்னாரு. காரணம் ரொம்ப சிம்பிள். 7ஐ எடுத்துக்கோங்க, அதோட மடங்கு 14, 21, 28, 35, 42, இதெல்லாம் 7ஐ விடச் சின்ன எண்ணால பெருக்கினது, அதனால 2, 3, 5 வந்தப்பவே அடிபட்டுப் போச்சு, புதுசா அடிக்க வேண்டிய முதல் எண் 49தான். இந்தக் காரணம் புரிஞ்சா அடுத்த வரியும் தன்னால வரும்: n 100னா, 11 வந்ததும் 11×11 = 121 எல்லைக்கு வெளிய போயிடுது, அதுக்கப்புறம் அடிக்க வேண்டியது ஒண்ணும் இல்ல, வெளி லூப் 10ஓட நின்னாலே போதும்.

அவரு கோட்ல வெளி லூப் n வரைக்கும் ஓடுது. அது வெறும் நேர விரயம்தானேன்னு தோணும், ஆனா `i` பெருசாகப் பெருசாக `i * i` `int`க்குள்ள அடங்காது. `int`ல அதிகபட்சம் 2147483647. 46340ஐ வர்க்கம் பண்ணினா அடங்கும், 46341க்கு அடங்காது. 46341, 46343, 46345, 46347 நாலும் பகு எண், அதனால அங்க `continue` ஆயிடும். அடுத்து வர்ற பகா எண் 46349. அதோட வர்க்கம் 2148229801, எல்லையைத் தாண்டிடுச்சு. சி++ல இப்படித் தாண்டினா என்ன ஆகணும்னு மொழி உத்தரவாதமே தரல, சாதாரணமா நடக்கிறது என்னன்னா அது சுத்திக்கிட்டு மைனஸ் 2146737495ஆ நிக்கும். மைனஸ் எண் nஐ விடச் சின்னதுதானே, அதனால கண்டிஷன் பாஸ் ஆகி, `comp`ல இல்லாத இடத்துல போய் எழுதப் பாத்து ப்ரோகிராம் செத்துடும்.

அதாவது n 46349க்குக் கீழ இருந்தா எல்லாம் சரியா வரும், அதுக்கு மேல போனா அவுட். சாம்பிள்ல n 100. மறைச்சு வச்ச பத்துல நாலு சின்ன கேஸ், அது நாலும்தான் பாஸ். ரிசல்ட்ல ரன்டைம் எரர்னு வந்ததை, மெமரி பத்தலைன்னு நினைச்சு கடைசி பத்து நிமிஷமும் `vector<int>`ஐ `vector<bool>`ஆ மாத்திட்டு இருந்திருக்காரு. பத்து லட்சம் `int` வெறும் 4 எம்பிதான், மெமரி பிரச்சினையே இல்ல.

சரி பண்ணினது வெளி லூப்போட கண்டிஷனை மட்டும்: `(long long)i * i <= n`. இப்ப i 1000ஓட நின்னுடும், உள்ள எந்த எண்ணும் எல்லையைத் தாண்டாது, மொத்தமா அடிக்கிறது 20 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல, கண்ணிமைக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். சரியா வந்துச்சான்னு பாக்க ரெண்டு எண்ணை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன்: 100 வரைக்கும் 25 பகா எண், 10^6 வரைக்கும் 78498. சீவ் எழுதினதும் இந்த ரெண்டையும் ப்ரிண்ட் பண்ணிப் பாத்தா, பெரிய எல்லையில உடையுற கோட் அங்கயே மாட்டிக்கும்.

ஜிசிடில பாத்தது

இதுல விடை தப்பு இல்ல, நேரம் பத்தல. ஒவ்வொரு இடமா தூக்கிட்டு மிச்சம் எல்லாத்துக்கும் திரும்ப ஜிசிடி போட்டிருந்தாரு. n 10^5ன்னா அது 10^10 தடவை, ஒரு செகண்டுக்கு 10^8 சின்ன வேலைன்னு தோராயமா வச்சுக்கிட்டா நூறு செகண்ட். ஆனா அவரு ரவுண்ட்ல நினைச்சது `__gcd` ஸ்லோன்னு, அதனால பிட் ஷிஃப்ட் வச்சு சொந்தமா ஒரு ஜிசிடி எழுதியிருக்காரு, 12 நிமிஷம் அதுல போச்சு.

யூக்ளிட் முறை ஸ்லோ ஆகவே வாய்ப்பில்லைங்கறதை ஒரு கணக்குல காட்டினேன். 252, 105. 252ல 105 ரெண்டு தடவை போக மீதி 42. 105ல 42 ரெண்டு தடவை போக மீதி 21. 42ல 21 மீதியில்லாம போகுது, விடை 21. ரெண்டு எண்ணையும் வகுக்கிற எண் அதோட வித்தியாசத்தையும் வகுக்கும், அதனால பெருசை எடுத்துட்டு மீதியை வச்சாலும் பொது வகுத்திகள் மாறாது, அதுதான் முழு ரகசியமும். ரெண்டு ஸ்டெப்புக்கு ஒருக்கா எண் பாதிக்கும் கீழ இறங்கிடும், 10^9 அளவு எண்ணுக்கே அறுபது ஸ்டெப்பைத் தாண்டாது. பிரச்சினை அங்க இல்ல, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செஞ்சதுலதான்.

12, 18, 7, 24ன்னு ஒரு அர்ரே. இடதுலேர்ந்து சேத்துக்கிட்டே வந்தா ஜிசிடி 12, 6, 1, 1. வலதுலேர்ந்து சேத்துக்கிட்டே வந்தா 24, 1, 1, 1. 7ஐத் தூக்கணும்னா அதுக்கு இடது பக்கம் வரைக்கும் உள்ளது 6, வலது பக்கம் உள்ளது 24, ரெண்டோட ஜிசிடி 6, முடிஞ்சது. எந்த இடத்தைத் தூக்கினாலும் ஒரே ஒரு ஜிசிடிதான். ஓரத்துல இருக்கிற எண்ணைத் தூக்கும்போது ஒரு பக்கம் காலியா இருக்கும், அங்க 0 வச்சுடணும், ஏன்னா 0க்கும் xக்கும் ஜிசிடி xதான். 1ன்னு வச்சா மொத்த விடையும் 1ஆ நசுங்கிடும், கூட்டல்ல 0, பெருக்கல்ல 1ன்னு பழகின கை இங்க தப்பு பண்ணும்.

மாடுலோல பாத்தது

இதுலதான் ரொம்ப நேரம் உக்காந்தோம். அவரு எழுதினது இது:

```cpp
ans = fact[n] / (fact[r] * fact[n - r] % M);
```

`fact`ல ஒவ்வொரு ஃபாக்டோரியலும் `% M` பண்ணிதான் வச்சிருந்தாரு, M இங்க கேள்வியில வந்த 1000000007. சாம்பிள்ல பெரிய n 10. விடை சரி. மறைச்ச டெஸ்ட்ல ரெண்டு மட்டும் சரி. அவரு முதல்ல ஓவர்ஃப்ளோன்னு நினைச்சு எல்லாத்தையும் `unsigned long long` ஆக்கியிருக்காரு, மாறல. அதுக்கப்புறம் இன்னும் நாலு இடத்துல `% M` சேத்திருக்காரு, மாறல. நான் அவரை n = 1லேர்ந்து ஒவ்வொண்ணா ஓட்டி, r = 1 வச்சுப் பாக்கச் சொன்னேன், ஏன்னா C(n, 1) எப்பவும் nதான், தப்பு வந்தா உடனே தெரிஞ்சிடும். 1, 2, 3ன்னு வரிசையா வந்துச்சு, 12க்கு 12 வந்துச்சு, 13க்கு 0 வந்துச்சு.

ஏன் 13? 12 ஃபாக்டோரியல் 479001600, இது Mஐ விடச் சின்னது, அதனால `% M` போட்டும் அது மாறவே இல்ல, நிஜ எண்ணாத்தான் இருந்துச்சு. 13 ஃபாக்டோரியல் 6227020800, Mஐத் தாண்டிடுச்சு, மீதி 227020758. இதை 479001600ஆல வகுத்தா கம்ப்யூட்டருக்கு 0. நிஜத்துல 13 வரணும். அதாவது 12 வரைக்கும் அவரு கோட்ல மாடுலோங்கறதே வேலை செய்யல, சாதாரண வகுத்தல்தான் நடந்துட்டு இருந்துச்சு, அதனாலதான் சாம்பிள் பாஸ். கணக்கு சரியா இருந்ததால பாஸ் ஆகல, எண் சின்னதா இருந்ததால பாஸ் ஆச்சு. இதைக் கேட்டுட்டு அவரு ரொம்ப நேரம் பேசல.

பெரிய M வச்சுப் புரியவைக்க முடியாதுன்னு M = 7க்கு இறங்கினோம். C(4, 2) நிஜத்துல 6. 4 ஃபாக்டோரியல் 24, 7ஆல வகுத்தா மீதி 3. கீழ 2×2 = 4. 3ஐ 4ஆல வகுத்தா 0, தப்பு. இப்ப வகுத்தலை மறந்துட்டு இப்படிக் கேட்டோம்: 4ஐ எதால பெருக்கினா மீதி 1 வரும்? 4×2 = 8, மீதி 1. அப்ப 7ஓட உலகத்துல 4ஆல வகுக்கிறதும் 2ஆல பெருக்கிறதும் ஒண்ணு. 3×2 = 6. சரியான விடை. அந்த 2க்குப் பேருதான் 4ஓட இன்வர்ஸ்.

M பகா எண்ணா இருந்தா இன்வர்ஸ் கண்டுபிடிக்க ஃபெர்மா சொன்ன வழி இருக்கு: Mஆல மீதியில்லாம வகுபடாத எந்த aவுக்கும் a^(M-1) மீதி 1, அதனால a^(M-2)தான் இன்வர்ஸ். 4^5 = 1024, 7ஆல வகுத்தா மீதி 2, மேல கையால கண்டுபிடிச்சதேதான். M 1000000007ன்னா அவ்வளவு தடவை பெருக்க முடியாது, அதனால அடுக்கைப் பாதி பாதியா உடைக்கணும்:

```cpp
long long power(long long a, long long e, long long m) {
    long long r = 1 % m;
    a %= m;
    while (e > 0) {
        if (e & 1) r = r * a % m;
        a = a * a % m;
        e >>= 1;
    }
    return r;
}
```

முப்பது சுத்துல முடிஞ்சிடும். 1000000007ஐ இவ்வளவு பேர் தேர்ந்தெடுக்கிறதுக்கும் காரணம் இருக்கு, அது பகா எண், `int`ல அடங்கும், அதைவிடச் சின்ன ரெண்டு எண்ணைப் பெருக்கினாலும் `long long`ல அடங்கும்.

எடுத்த முடிவுகளும் ஏன் எடுத்தோம்ங்கறதும்

அடுத்த ரவுண்டுக்கு ஆறு வாரம் இருந்துச்சு. அவரு திட்டம் இந்த ஏரியாவுல இருநூறு கேள்வி போட்டுடறது. நான் வேண்டாம்னு சொன்னேன், ஏன்னா அவருக்குக் கேள்வி புரியாம போகல, வழி தெரியாமலும் போகல, முதல் கேள்வியில ஐடியா முழுக்கச் சரி. எழுதின கோட் தப்புன்னு தெரிஞ்சுக்க அவருகிட்ட வழி இல்ல, அதுதான் குறை. ரவுண்டோட சாம்பிள்தான் அவருக்கு ஒரே ஜட்ஜ். இருநூறு போட்டாலும் அது மாறாது.

அதனால ரெண்டே விஷயம் செஞ்சோம். ஒண்ணு, கோட் எழுதறதுக்கு முன்னாடி பேப்பர்ல ஒரு வரி: இந்தக் கேள்வியில நடுவுல வரக்கூடிய பெரிய எண் எது, அது `int`ஐத் தாண்டுமா, Mஐத் தாண்டுமா. சீவ்னா `i * i`, ஃபாக்டோரியல்னா 13லயே தாண்டுது. சாம்பிள் அந்த எல்லையைத் தாண்டலைன்னா, அந்த சாம்பிள் பாஸ் ஆகறதுக்கு அர்த்தம் இல்லன்னு எடுத்துக்கணும், நாமளே தாண்டுற மாதிரி ஒரு கேஸ் செய்யணும்.

இன்னொண்ணு, ஒவ்வொரு கேள்விக்கும் மொக்கையா மெதுவா ஓடுற இன்னொரு கோட். பகா எண்ணுக்கு ஒவ்வொண்ணா வகுத்துப் பாக்குறது, C(n, r)க்குப் பாஸ்கல் முக்கோணம் மாதிரி மேல இருக்கிற ரெண்டையும் கூட்டுறது, அதுல வகுத்தலே கிடையாது. சின்னச் சின்ன எண் கொடுத்து ரெண்டு கோடும் ஒரே விடை தருதான்னு லூப்ல ஓட்டுறது. இங்க ஒரு விஷயம் சேத்தோம், Mஐ 7, 13 மாதிரி சின்னதா மாத்தி ஓட்டணும், அப்பதான் சின்ன nலயே எண் Mஐத் தாண்டும், தப்பு வெளிய வரும். M 1000000007ஆவே வச்சு n 10 வரைக்கும் ஒப்பிட்டா அவரோட பழைய தப்புக் கோடுகூட பாஸ் ஆயிடும்.

சின்ன Mல வந்த சிக்கல்

இதுல மூணாவது நாளே ஒரு குழப்பம். சரி பண்ணின கோடை M = 7 வச்சு ஓட்டினா n = 8, r = 1ல விடை 0ன்னு வருது, பாஸ்கல் கோட் 1ன்னு சொல்லுது. C(8, 1) = 8, மீதி 1, பாஸ்கல்தான் சரி. அவரு இன்வர்ஸ் கோட் தப்புன்னு முடிவு பண்ணி அதை முழுசா அழிச்சு எழுதிட்டாரு, அப்பவும் அதே 0.

விஷயம் வேற. 7 ஃபாக்டோரியல்லேர்ந்து மேல எல்லா ஃபாக்டோரியல்லயும் 7 ஒரு காரணியா இருக்கு, அதனால 7ஆல வகுத்தா மீதி 0. மேலயும் 0, கீழயும் 0, 0க்கு இன்வர்ஸே கிடையாது, ஃபார்முலா அந்த இடத்துல செல்லாது. n Mஐ விடச் சின்னதா இருக்கிற வரைக்கும்தான் இந்த வழி. கேள்வியில n 10^6, M 10^9க்கு மேல, அதனால அங்க பயமில்ல. நாங்க சோதிக்கிறப்ப n < Mன்னு வச்சுக்கிட்டா போதும், அப்படி வச்சு ஓட்டினா ரெண்டும் கடைசி வரைக்கும் ஒத்துப்போச்சு. நேரம் வீணாச்சுன்னு அவருக்குச் சலிப்பு, எனக்கு அப்படித் தோணல. "இன்வர்ஸ் எப்ப இருக்கும், எப்ப இருக்காது"ங்கற கேள்வியை அவரு முதல் தடவையா அன்னைக்குத்தான் கேட்டாரு.

அதுக்கான பதில் ஜிசிடியில இருக்கு: aவுக்கும் Mக்கும் ஜிசிடி 1ஆ இருந்தா மட்டும்தான் aவுக்கு இன்வர்ஸ் உண்டு. M = 8, a = 2ன்னு பாருங்க. 2ஐ எதால பெருக்கினாலும் இரட்டைப்படைதான் வரும், 8ஆல வகுத்து வர்ற மீதியும் இரட்டைப்படைதான், 1 வரவே வராது. M பகா எண்ணா இருக்கும்போது 1லேர்ந்து M-1 வரைக்கும் எல்லாத்துக்கும் ஜிசிடி 1, அதனாலதான் அங்க இந்தப் பேச்சே எழறதில்ல. சீவ், ஜிசிடி, மாடுலோன்னு தனித்தனித் தலைப்பா படிச்சவருக்கு மூணும் ஒரே இடத்துல வந்து நின்னது இங்கதான்.

ரெண்டாவது ரவுண்ட்

ஆறு வாரம் கழிச்சு வேற ஒரு இடத்துல, ரெண்டு கேள்வி, 60 நிமிஷம்.

முதல் கேள்வி திரும்ப பகா எண் எண்ணுறதுதான், ஆனா R 10^12 வரைக்கும் போகும், R - L மட்டும் 10^6க்குள்ள. 10^12க்கு அர்ரே போட முடியாது. அவரு யோசிச்சது: 10^12க்குள்ள இருக்கிற பகு எண்ணுக்கு 10^6க்குள்ள ஒரு பகா காரணி கண்டிப்பா இருக்கும், அதனால 10^6 வரைக்கும் சாதா சீவ் போட்டு அந்த 78498 பகா எண்ணை வச்சு L லேர்ந்து R வரைக்கும் உள்ள துண்டை மட்டும் அடிச்சா போதும்.

```cpp
long long s = max(p * p, (L + p - 1) / p * p);
for (long long j = s; j <= R; j += p)
    mark[j - L] = true;
```

`p`யை `long long` ஆக்கியிருந்தாரு, பேப்பர்ல எழுதின அந்த ஒரு வரியால. `max`ல `p * p` இல்லைன்னா, L 2ஆ இருக்கும்போது 2, 3, 5 தன்னைத்தானே அடிச்சுக்கும், அதையும் கவனிச்சிருந்தாரு. பத்துல ஒன்பது பாஸ்.

ரெண்டாவது கேள்வி: 1 + a + a² + ... + a^(n-1)ஐ Mஆல வகுத்து வர்ற மீதி. n 10^18 வரைக்கும், a, M ரெண்டும் 10^9 வரைக்கும். M பகா எண்ணுன்னு கேள்வியில எங்கயும் சொல்லல. ஸ்கூல்ல படிச்ச ஃபார்முலா (a^n - 1) / (a - 1), இன்வர்ஸ் போட்டுடலாம்னு கை போயிருக்கு, M பகா எண்ணான்னு பாக்கத் திரும்பப் படிச்சிருக்காரு, இல்ல. உடனே பேப்பர்ல a = 3, n = 2, M = 8 போட்டுப் பாத்திருக்காரு. நிஜ விடை 1 + 3 = 4. ஃபார்முலால 9ஓட மீதி 1, 1 - 1 = 0, 0ஐ 2ஆல வகுத்தா 0. தப்பு. 8ஓட உலகத்துல 2 தடவை 0ம் 0தான், 2 தடவை 4ம் 0தான், ரெண்டுல எது நிஜம்னு அந்த 0ஐப் பாத்துச் சொல்லவே முடியாது, தகவல் ஏற்கெனவே தொலைஞ்சு போச்சு.

அதனால வகுத்தலே இல்லாத வழிக்குப் போயிட்டாரு. நாலு உறுப்பு இருந்தா 1 + a + a² + a³ங்கறது (1 + a)(1 + a²), அதாவது முதல் பாதியோட கூட்டலை 1 + a²ஆல பெருக்கினது. n ஒற்றைப்படையா வந்தா ஒண்ணை வெளிய எடுத்துட்டா இரட்டை ஆயிடும்:

```cpp
long long S(long long a, long long n, long long m) {
    if (n == 1) return 1 % m;
    if (n % 2) return (1 + a % m * S(a, n - 1, m)) % m;
    return S(a, n / 2, m) * (1 + power(a, n / 2, m)) % m;
}
```

ஒவ்வொரு ரெண்டு அழைப்புக்கும் n பாதியாகுது, 10^18ன்னாலும் நூத்தி இருபது அழைப்புக்குள்ள முடியும். `1 % m` எதுக்குன்னா M = 1 வந்தா விடை 0 ஆகணும். கையால ஒப்பிட a = 3, n = 4, M = 8 போட்டிருக்காரு, நிஜக் கூட்டல் 40, மீதி 0, கோடும் 0. பத்துக்குப் பத்து.

என்ன ஆச்சு

அடுத்த கட்டத்துக்கு எடுத்தாங்க. முதல் கேள்வியில போன அந்த ஒரு டெஸ்ட் என்னன்னு அன்னைக்கே தேடினோம், அதுக்குப் பெருசா மெனக்கெடல, மொக்கைக் கோடை எழுதி ஒப்பிட்டதும் L = 1ல மாட்டிச்சு. L = 1, R = 10க்கு 4 வரணும், 5 வந்துச்சு. 1 பகா எண் இல்ல, ஆனா எந்த பகா எண்ணாலயும் அது அடிபடாது, அதனால அடிபடாம நின்னு எண்ணிக்கையில சேர்ந்துடுச்சு. சாதா சீவ்ல லூப் 2லேர்ந்து ஆரம்பிக்கிறதால இது தெரியவே தெரியாது, துண்டு சீவ்ல தனியா `if (L == 1) mark[0] = true;` போடணும்.

மொக்கைக் கோட் எழுதி ஒப்பிடுறதுக்கு ரவுண்ட்ல நேரம் இருந்துச்சான்னு கேட்டேன். 9 நிமிஷம் மிச்சம் இருந்திருக்கு, அதுல கோடோட வேரியபிள் பேரை எல்லாம் அழகுபடுத்திட்டு இருந்திருக்காரு.

மாத்த வேண்டியது

என் பக்கம் ஒரு தப்பு உண்டு. எல்லையைப் பாருன்னு சொன்னேன், பெரிய எல்லையை மட்டுமே பழக்கினேன். `int` தாண்டுதா, M தாண்டுதான்னு மேல் பக்கமே பாத்துட்டு இருந்தோம், கீழ் எல்லையில 1, 0ன்னு வந்தா என்ன ஆகும்னு ஒரு தடவைகூட உக்காந்து பேசல. ஜிசிடியில காலிப் பக்கத்துக்கு 0 வைக்கிறதைப் பேசினப்பவே இதையும் சேத்துப் பேசியிருக்கணும், ரெண்டும் ஒரே ஜாதி.

இன்னொண்ணு, M = 7ல கோட் ஒத்துப்போகாதப்ப அவரு இன்வர்ஸ் பங்ஷனை அழிச்சு எழுதினாரே, அதை நான் தடுத்திருக்கணும். முதல்ல `fact[8]`ஐ ப்ரிண்ட் பண்ணியிருந்தா 0ன்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும், ஒரு சாயங்காலம் மிச்சமாகியிருக்கும். இப்ப அவரு விடை ஒத்துப்போகலைன்னா கோடைத் தொடறதுக்கு முன்னாடி, தப்பு வர்றதுலயே ரொம்பச் சின்ன கேஸை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு இடை எண்ணையும் ப்ரிண்ட் பண்றாரு.

பேப்பர்ல எழுதுற அந்த ஒரு வரியும் இப்ப ரெண்டு வரி ஆயிடுச்சு. மேல் வரி பழையதுதான், நடுவுல வர்ற பெரிய எண் எது. கீழ் வரியில L = 1, n = 1, M = 1 மூணையும் எழுதி, ஒவ்வொண்ணுக்கும் விடை என்ன வரணும்னு கோட் எழுதறதுக்கு முன்னாடியே பக்கத்துல குறிச்சு வச்சுக்கிறாரு.